கல்லாவை நிரப்பிய வெங்காயம்

நமது மண்டியில் பல வருடங்களாகச் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரைப் பற்றிய கதை இது. கதை என்று சொன்னாலும் கற்பனை அதிகம் இல்லை. ஊர், பெயர் வேண்டாம். திண்டுக்கல்லில் இருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சின்ன ஊர்; பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய கடை என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். நம்மை அவர் அண்ணாச்சி என்பார், நாம் அவரைத் தம்பி என்போம். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க அண்ணாச்சி, என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார்.

தம்பியின் கடையில் முதலில் சின்ன வெங்காயம் ஒரு கூடைதான் இருந்தது. மற்றபடி அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, வற்றல் என்று வழக்கமான மளிகை. ஒரு வருடம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனபோது இரண்டு மூட்டை வாங்கிப் போட்டார். வாசலில் குவித்து வைத்ததும் பஸ்ஸில் இருந்து இறங்குபவர்கள் எல்லாம் நின்று வாங்கினார்கள். அதிலிருந்து அவருக்கு வெங்காயத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. இரண்டு மூட்டை நான்கானது. வாசல் பக்கம் இருந்த பருப்புப் பொட்டல ஸ்டாண்டு உள்ளே போய், அங்கிருந்தும் மூலைக்குப் போனது. கடைக்கு முகப்பு என்று சொல்லக்கூடிய இடம் முழுவதும் வெங்காயத்துக்கு வந்துவிட்டது.

நமக்கு இதில் சந்தோஷம்தான். வாராவாரம் திங்கட்கிழமை 50 கிலோ மூட்டை நான்கு, தவறாமல் போகும். மண்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நமது பேரேட்டில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சரக்கு எடுப்பது கூடக்கூட, தம்பியின் பாக்கியும் கூடிக்கொண்டே போனது. முன்பு ஒரு வாரத்துச் சரக்குக்கு அடுத்த வாரம் பணம் வந்துவிடும். பிறகு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தள்ளிப் போய், அந்த ஐப்பசியில் பழைய பாக்கி மட்டும் ரூ.62,000 நின்றது.

விற்பனை குறைந்து பாக்கி ஏறினால் காரணம் தெரியும். குடும்பத்தில் செலவு என்றாலும் தெரிந்துவிடும். விற்பனையும் ஏறி, பாக்கியும் ஏறினால் பணம் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நாற்பது வருடமாக மண்டியில் உட்கார்ந்து நாம் பார்த்த வரையில் இது தப்பியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் தம்பி ஒரு நாள் மண்டிக்கே வந்தார். முகத்தில் உற்சாகம். பக்கத்துக் கடை காலியாகிறதாம், ரூ.1,50,000 அட்வான்ஸ் கேட்கிறார்களாம். அதை எடுத்து முழுக்க வெங்காயம், உருளை, பூண்டு என்று போட்டுவிடலாம் என்று திட்டம். வீட்டுக்காரம்மாவின் நகையை வங்கியில் வைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. நம்மிடம் கேட்டது, வாரம் நான்கு மூட்டை என்பதைப் பத்து மூட்டையாக்க வேண்டும், ஒரு மாதக் கடனில் தர வேண்டும் என்பதுதான்.

"வெங்காயத்துல என்ன கிடைக்குது தம்பி?" என்று கேட்டோம்.

"கிலோவுக்குப் பத்து ரூபாய் அண்ணாச்சி. நீங்க நாப்பதுக்குப் போடுறீங்க, நான் அம்பதுக்கு விக்கிறேன். வாரம் இருநூறு கிலோ. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டாயிரம். என் கடையில வேற எந்தச் சரக்கும் இப்படி ஓடாது. கல்லாவுல வர்ற பணத்துல பாதி வெங்காயப் பணம்தான்."

மாதத்துக்கு ரூ.8,000 வருகிறது என்ற கணக்கில் எட்டு மாதமாக ஒரு சீட்டும் கட்டி வருகிறாராம். மாதச் சீட்டு சரியாக ரூ.8,000.

அதைக் கேட்டதும் நமக்கு எங்கோ பொறி தட்டியது. எட்டு மாதம், மாதம் ரூ.8,000 என்றால் ரூ.64,000. நமக்கு நிற்கும் பாக்கி ரூ.62,000.

உடனே எதுவும் சொல்லவில்லை. "தம்பி, அட்வான்ஸ் ஒரு வாரம் பொறுத்துக் கொடுக்கலாம். வர்ற திங்கக்கிழமை சரக்கோட நானும் வர்றேன். ஒரு வாரம் வெங்காயத்தை மட்டும் நிறுத்துப் பார்ப்போம்" என்றோம். நம் வெங்காயத்தின் மேலேயே நமக்குச் சந்தேகமா என்று அவருக்குச் சிரிப்பு. இரண்டு மூட்டை குறைந்தாலும் நஷ்டம் நமக்குத்தானே. ஆனாலும் பத்து மூட்டையைக் கடனில் கொடுத்துவிட்டு அந்த நகை முழுகிப் போவதைப் பார்ப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், நம் ரூ.62,000 பற்றிய கவலையும் இருந்தது.

திங்கட்கிழமை மினி லாரியிலேயே போய் இறங்கினோம். நாம் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தராசுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். வெங்காயம் எவ்வளவு நிறுத்துக் கொடுத்தாலும் கேட்ட எடையை அதில் எழுத வேண்டும்; அரைக் கிலோ என்றால் அரை, கால் என்றால் கால். விலை குறைத்துக் கொடுத்தால் அதைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். சருகு, மண் ஒரு வாளியிலும், அழுகல், முளை விட்டது இன்னொரு வாளியிலும் போட்டு, கடை சாத்தும் முன் நிறுத்து எழுத வேண்டும். காலிச் சாக்கையும் நிறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் கூட்டினால் 200 கிலோ வர வேண்டும். வராமல் குறைவது எவ்வளவோ, அது கண்ணுக்குத் தெரியாமல் போனது.

அன்று கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தபோதே பாதி விஷயம் விளங்கிவிட்டது. வாசலில் குவியல். வருகிறவர்கள் குனிந்து, இரண்டு கையாலும் கிளறி, பருத்த வெங்காயமாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். கிளறக் கிளற மேல் தோல் கழன்று சருகாகப் பறக்கிறது. தோல் போன வெங்காயம் சீக்கிரம் வாடும். பருமன் எல்லாம் போனபின் அடியில் தங்குவது பொடி. வாங்கும்போது பருமனும் பொடியும் கலந்து ஒரே விலைக்குத்தான் வாங்குகிறோம். விற்கும்போது பருமன் முழு விலைக்குப் போய்விடுகிறது, பொடி நாலாம் நாள் "பாதி விலைக்கு எடுத்துக்கிறியா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்கிற நிலைக்கு வந்துவிடுகிறது. தம்பி இதைச் சேதாரம் என்றே நினைத்ததில்லை. விற்றுவிட்டதே, பிறகு என்ன என்றுதான் நினைத்திருந்தார்.

மூட்டைகள் அடுக்கியிருந்த விதமும் அப்படித்தான். சிமெண்டுத் தரையில் இரண்டு, அதன் மேல் இரண்டு. அடி மூட்டைக்குக் காற்றே கிடையாது. ஐப்பசி மழையில் தரை ஈரம் வேறு. மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அப்படிச் சூடு தெரிந்தால் உள்ளே ஒன்றிரண்டு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாடை வருவதற்கு ஒரு நாள் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஒரு வெங்காயம் அழுகி நீர் விட்டால் சுற்றியுள்ள பத்தைக் கெடுக்கும். விவசாயிகள் பட்டறை போடும்போது தரைக்கு மேலே தூக்கி, குறுகலாக, இரு பக்கமும் காற்றுப் போகும்படி போடுகிறார்களே, அது இதற்காகத்தான். மாதக்கணக்கில் பட்டறையில் தாங்கிய வெங்காயம் நம் கடையில் ஏழு நாளில் அழுகுகிறது என்றால் குற்றம் வெங்காயத்தின் மேல் இல்லை.

அடுத்த ஞாயிறு இரவு போனோம். தம்பி, அவர் வீட்டுக்காரம்மா, கடைப் பையன், நாம் என நான்கு பேரும் உட்கார்ந்து நோட்டைக் கூட்டினோம்.

முழு விலைக்கு விற்றது 162 கிலோ. பாதி விலைக்குத் தள்ளிய பொடி 14 கிலோ. அழுகலும் முளையும் 9 கிலோ 200 கிராம். சருகும் மண்ணும் 6 கிலோ 400. நான்கு சாக்கு எடை 2 கிலோ 400. இவ்வளவையும் கூட்டினால் 194 கிலோ. மீதி 6 கிலோ எங்கே?

தம்பி பையனைப் பார்த்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நாம் குறுக்கிட்டோம். பையன் மேல் தப்பில்லை. அந்த வாரம் நோட்டில் 320 தடவை நிறுத்த கணக்கு இருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அரைக் கிலோ நிறுத்தால் தராசு 510, 515, 520 என்று காட்டும். ஒரு வெங்காயத்தை எடுத்தால் எடை குறையும், எடுக்காவிட்டால் கூடும். சரி போகட்டும் என்று அப்படியே கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தடவைக்கு 15 கிராம் என்று வைத்தால் 320 தடவைக்கு 4 கிலோ 800 கிராம். மற்றதை நீர் வற்றியதில் வைக்கலாம். எலெக்ட்ரானிக் தராசு வந்தும் கொசுறு போகவில்லை. முள் தராசில் கண்ணுக்குத் தெரிந்து கொடுத்தோம், இப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறோம். வாடிக்கையாளர் முகம் கோணாமல் இருக்க இது வேண்டும் என்பது நமது கட்சி. ஆனால் கணக்கில் வர வேண்டும்.

சாக்கு எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மண்டி பில் சாக்கோடு சேர்த்துத்தான். அது நமக்கும் அப்படியே வருகிறது, அப்படியே போகிறது. காலிச் சாக்கை விற்றால் கொஞ்சம் திரும்பும். தம்பி அதை ஒரு தோப்புக்காரருக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பணத்துக்கு வந்தோம். 162 கிலோ, ரூ.50 வீதம் ரூ.8,100. பொடி 14 கிலோ, ரூ.25 வீதம் ரூ.350. ஆக வரவு ரூ.8,450. கொள்முதல் 200 கிலோவுக்கு ரூ.8,000. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை மூட்டைக்கு ரூ.40 வீதம் ரூ.160. காகிதப் பை 320, ஐம்பது பைசா வீதம் ரூ.160. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு இந்தச் செலவு எல்லாக் கடைக்கும் உள்ளதுதான். ஆக மொத்தச் செலவு ரூ.8,320.

மீதி ரூ.130.

தம்பி நம்பவில்லை. நோட்டை வாங்கி மறுபடி கூட்டினார். கால்குலேட்டரில் ஒரு தடவை, வாய்க்கணக்காக ஒரு தடவை. ரூ.130தான் வந்தது. ரூ.2,000 என்று இருந்த இடத்தில் ரூ.130.

"மழைக்காலம் அண்ணாச்சி. அதான் அழுகல் ஜாஸ்தி" என்றார்.

அது நியாயமான பேச்சு. ஐப்பசி வாரம் ஒன்றை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மாசி, பங்குனியில் இதே கடையில் அழுகல் பாதிக்கும் கீழே போகும். ஆனால் அழுகல் முழுவதுமே இல்லை என்று வைத்து, அந்த 9 கிலோ 200 கிராமும் முழு விலைக்குப் போனதாகச் சேர்த்தாலும் கூடுவது ரூ.460. அப்போதும் ரூ.590தான் நிற்கிறது. ரூ.2,000 எந்த மாதத்திலும் வராது. ஏனென்றால் பணத்தைத் தின்றது அழுகல் மட்டும் இல்லை. பொடி, கொசுறு, சருகு, சாக்கு, கூலி என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கின்றன. அழுகல் ஒன்றுதான் நாறும். அதனால் அது மட்டும் நமக்குத் தெரிகிறது.

அதுவரை பேசாமல் இருந்த வீட்டுக்காரம்மா அப்போது சொன்னார்: "தினமும் ராத்திரி ஒரு வாளி குப்பையை நான்தான் கொண்டு போய்க் கொட்டுறேன். ஒரு நாளாச்சும் இது எவ்வளவு காசுன்னு கேட்டீங்களா?"

தம்பி பதில் சொல்லவில்லை.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. வெங்காயம் நிற்கும் இடத்தை நாடாவால் அளந்தோம். மூட்டைகளும் குவியலும் சேர்ந்து நீளம் ஆறடி, அகலம் நான்கடி, 24 சதுர அடி. கடை மொத்தம் 300 சதுர அடி. மாத வாடகை ரூ.12,000. சதுர அடிக்கு ரூ.40. அப்படியானால் வெங்காயம் மாதம் ரூ.960 வாடகை தர வேண்டும். வாரத்துக்கு ஏறத்தாழ ரூ.220. அது தருவது ரூ.130. வாரம் ரூ.90 கையை விட்டுப் போகிறது. கடையிலேயே அதிகம் விற்கும் சரக்கு, தான் நிற்கிற இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாமல் நிற்கிறது.

இதற்கும் தம்பியிடம் பதில் இருந்தது. "வெங்காயம் இருந்தாலும் இல்லாட்டியும் வாடகை கொடுத்துத்தானே ஆகணும் அண்ணாச்சி? அதை ஏன் வெங்காயத்து தலையில கட்டுறீங்க?"

நம் வியாபாரிகளில் பலர் இப்படித்தான் கேட்பார்கள். கேள்வி சரியானது. வெங்காயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா போட்டால் வாடகை மிச்சமாகாது. ஆகவே, அந்த இடத்துக்கு என்ன வாடகை என்று கேட்பதைவிட, வேறு எந்தச் சரக்கு அங்கே நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பதுதான் சரி. கடையில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகப்பில் ஒரு அடி, மூலையில் நான்கு அடிக்குச் சமம். அந்த முகப்பில் முன்பு நின்றது பருப்புப் பொட்டல ஸ்டாண்டு. அப்போது அதில் வாரத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டோம். தம்பி பழைய நோட்டை எடுத்துப் பார்த்து, குறைந்தது எண்ணூறு இருக்கும் என்றார். மூலைக்குப் போனபின் முந்நூறு கூடத் தேறவில்லை. பொட்டலம் அழுகாது, வற்றாது, கிளறுவார் இல்லை. வெங்காயம் தன் ரூ.130ஐச் சம்பாதிக்க, ஸ்டாண்டின் ரூ.500ஐத் தள்ளிவிட்டிருக்கிறது.

பையன் தினமும் ஒரு மணி நேரம் வெங்காயத்தைப் புடைத்துப் பொறுக்குகிறான். நாள் சம்பளம் ரூ.500, பத்து மணி நேர வேலை. மணிக்கு ரூ.50, வாரத்துக்கு ரூ.350. இதைச் சேர்க்கலாமா என்று நமக்குள்ளேயே வாதம். அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாமல் சும்மா இருப்பான் என்றால் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் காலை எட்டு முதல் ஒன்பது. கடையில் கூட்டம் நிற்கும் நேரம். அன்றைக்கு அதைச் சேர்க்காமலே விட்டோம். சேர்க்காமலே நிலைமை போதுமான அளவு மோசமாக இருந்தது.

தம்பியின் கடைசி வாதம்தான் பலமானது. வெங்காயம் ஓர் இழுப்புச் சரக்கு; வெங்காயம் வாங்க வருகிறவர்கள் மற்றதையும் வாங்குகிறார்கள் என்பது. உண்மையாக இருந்தால் ரூ.90 நஷ்டம் பெரிதல்ல. விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளலாம். நாமும் அதை நம்பித்தான் இருந்தோம். ஆனால் நம்பிக்கையை நோட்டில் எழுத முடியாதே. சரி, இதையும் எண்ணிப் பார்ப்போம் என்று, அடுத்த நான்கு நாள் வெங்காயம் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னோம். வெங்காயம் மட்டும் வாங்கினால் ஒரு பக்கம், வேறு சரக்கும் வாங்கினால் மறுபக்கம், அதிலும் மாதக் கணக்கு வைத்திருப்பவர் என்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

நான்கு நாளில் 186 பேர். அதில் 121 பேர் வெங்காயம் மட்டும் வாங்கி, ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தவர்கள். வேறு சரக்கும் வாங்கியவர்கள் 65 பேர். அந்த 65 பேரில் 48 பேருக்கு வட்டம். வெங்காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மளிகைக்கு இங்கேதான் வருவார்கள். ஆக, வெங்காயம் இழுத்துக்கொண்டு வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அதிகம் போனால் 17 பேர். அந்த 48 பேருக்கும் வெங்காயம் தேவை, இல்லாமல் போனால் முகம் சுளிப்பார்கள். அதனால் வெங்காயத்தை அடியோடு நிறுத்துவது சரியில்லை. ஆனால் பஸ் பயணிகள் 121 பேருக்காக முகப்பை விட்டுக்கொடுத்தது தேவையில்லாத உபகாரம்.

விலையை ஏற்றினால் என்ன என்றும் பார்த்தோம். பஸ் நிற்கும் இடத்திலேயே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் ரூ.48க்குக் கொடுக்கிறார். அவருக்கு வாடகை இல்லை, சரக்கு அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். அவரோடு போட்டி போட முடியாது.

அன்றைக்குத்தான் சீட்டுப் பேச்சை எடுத்தோம். நமது பேரேட்டையும் கொண்டு போயிருந்தோம். "தம்பி, வராத லாபத்துல எட்டு மாசம் சீட்டுக் கட்டியிருக்கீங்க. அந்தப் பணம் எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க" என்று பாக்கிப் பக்கத்தைத் திருப்பி வைத்தோம். வெங்காயம் விற்ற பணம் முழுசாகக் கல்லாவில் விழுகிறது. வாங்கிய பணம் இரண்டு வாரம் கழித்துத்தான் போக வேண்டும். நடுவில் கல்லாவில் நிற்கும் அந்தப் பணத்தைப் பார்க்கும்போது லாபம் போலத்தான் இருக்கும். நம் பணத்தை எடுத்துத்தான் சீட்டுக் கட்டியிருக்கிறார், அது அவருக்கே தெரியாமல்.

அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துப் பக்கத்துக் கடை உரிமையாளரிடம், அட்வான்ஸ் இப்போதைக்கு முடியாது, வேறு ஆள் வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். நகை வங்கிக்குப் போகவில்லை.

அதன்பின் செய்த மாறுதல்கள் இவ்வளவுதான். வாரம் நான்கு மூட்டை இரண்டானது. அதுவும் ஒரே நாளில் இல்லை, செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. இரண்டு தடவையாகப் போவதால் வண்டி வாடகையோடு செலவு மூட்டைக்கு ரூ.40 என்பது ரூ.50 ஆனது. மூட்டை வந்ததும் பிரித்து, துளை உள்ள பிளாஸ்டிக் டிரேக்களில் பாதி அளவுக்குப் பரப்பி, தரையில் படாமல் செங்கல் மேல் வைத்தார்கள். முக்கியமாக, டிரேயை வாசலில் இருந்து எடுத்துத் தராசுக்குப் பின்னால் வைத்து, கடைக்காரரே அள்ளி நிறுப்பது என்றானது. பொறுக்குவது நின்றது. அள்ளும்போது பருமனும் பொடியும் கலந்தே வரும்.

இதில் எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டோம். பொறுக்கிப் பழகிய பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். இரண்டு இட்லிக் கடைக்காரர்கள் தள்ளுவண்டிக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை மூட்டை தாமதமானால் அன்று மாலை வெங்காயம் இல்லாமல் போகும். முதல் மாதம் கல்லாவில் விழும் பணம் கண்ணுக்கே தெரியும்படி குறைந்தது. "கடை படுத்துருச்சோன்னு பயமா இருக்கு அண்ணாச்சி" என்று இரண்டு தடவை போன் செய்தார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி அதே நோட்டைத் தொங்கவிட்டோம். கார்த்திகை முடிந்து மழை குறைந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். விலையும் தற்செயலாக அதே ரூ.40, ரூ.50தான். 100 கிலோவில் முழு விலைக்கு விற்றது 89 கிலோ, பாதி விலைக்கு 4 கிலோ, எல்லா வகையிலும் போனது 7 கிலோ. வரவு ரூ.4,550. கொள்முதலும் கூலியும் ரூ.4,100, பைகளுக்கு ரூ.85. மீதி ரூ.365. சரக்குப் பாதியாகி, லாபம் ஏறக்குறைய மூன்று மடங்கு. இடம் 24 சதுர அடியில் இருந்து 8 ஆகக் குறைந்தது. காலியான முகப்பில் பருப்புப் பொட்டல ஸ்டாண்டு திரும்பி வந்தது. அதன் பக்கத்தில் அப்பளம், சேமியா, சோப்பு. அந்த 16 அடியில் முதலில் வாரம் ரூ.600, பிறகு ரூ.850 வரை கிடைத்தது. பையன் காலை எட்டு மணிக்குத் தராசடியில் நிற்கிறான்.

நம் மகன் ஒரு நாள் பேரேட்டைப் பார்த்துவிட்டு, "வாரம் ரெண்டு மூட்டை போச்சுப்பா" என்றான். போனதுதான். ஆனால் சீட்டைத் தள்ளி எடுத்து, தைக்குள் பாக்கி ரூ.62,000 முழுவதையும் தம்பி தீர்த்துவிட்டார். பக்கத்துக் கடையில் இப்போது செல்போன் கடை நடக்கிறது.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது கடையில் எட்டிப் பார்த்தோம். தராசு பக்கத்தில் சணல் கயிறு அப்படியே தொங்கியது. நோட்டு மட்டும் புதிது. திறந்து பார்த்தால் வெங்காயம் இல்லை. பிரெட், பால் பாக்கெட் என்று தலைப்புப் போட்டு, வீட்டுக்காரம்மாவின் கையெழுத்தில் தினக் கணக்கு எழுதியிருந்தது.

"பால்ல என்னம்மா பார்க்குறீங்க?" என்று கேட்டோம்.

"பிரிட்ஜுக்குக் கரண்டு பில்லு வருதே மாமா, அது எந்தக் கணக்குல சேருதுன்னு பார்க்கிறேன்" என்றார்.